கார்டுல நாலு கிளை, சாம்பிளை எந்த முகவரிக்கு அனுப்புறது?

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை:
போன மாசம் பட்ட பாட்டைச் சொல்றேன். வெளியூர் நகைக் கம்பெனி ஒண்ணோட பர்ச்சேஸ் ஆள் பட்டறைக்கு வந்து கார்டு கொடுத்தார். முன்னாடி அவர் பேரும் செல் நம்பரும். பின்னாடி பொடி எழுத்துல பெங்களூரு, ஓசூர், ஈரோடு, சேலம்னு நாலு முகவரி. பெங்களூருக்கு மேல மட்டும் 'ஹெட் ஆபீஸ்'. "சாம்பிளை ஹெட் ஆபீசுக்கே அனுப்பிடுங்கண்ணா"ன்னார். மூணு ஜோடி கொலுசை ஸ்பீடு போஸ்ட்ல போட்டேன். ஒன்பதாம் நாள் அதே அட்டைப்பெட்டி என் மேஜை மேல. மேல பேனாவுல 'Left'னு எழுதியிருந்துச்சு.

அப்புறம்தான் அவங்க வெப்சைட்டைத் தொறந்தேன். தொடர்பு பக்கத்துல பெங்களூருல வேற ஏரியா. அதே தளத்தோட அடிப்பட்டையில கார்டுல இருக்கிற பழைய முகவரி, பக்கத்துலயே 2019. ஒரே வெப்சைட்டுல ரெண்டு ஹெட் ஆபீஸ். எதை நம்புறது?

அம்மாப்பேட்டை, ஜவுளி:
இதுக்கா மண்டைய உடைக்கிறீங்க? கார்டுல ஜிஎஸ்டி நம்பர் இருக்குமே. ஜிஎஸ்டி தளத்துல போட்டா Principal Place of Businessனு வரும். அதான் ஹெட் ஆபீஸ். நான் எப்பவும் அப்படித்தான்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை:
போட்டுப் பார்த்தேன். சேலம் மெய்யனூர்னு வருது! இங்க அவங்களுக்கு ஒரு சின்ன கடைதான், ரெண்டு பேர் உக்கார இடமில்ல.

ஏற்காடு, ஹோம்ஸ்டே:
எங்க கதையும் இதான். கார்டுல சேலம் புக்கிங் ஆபீஸ் முதல்ல, ஏற்காடு வீடு ரெண்டாவது. ஒரு குடும்பம் பெட்டியோட சாயங்காலம் ஆறு மணிக்கு சேலம் ஆபீஸ் வாசல்ல நின்னுச்சு. அதுக்கு மேல கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வரணும், பாவம். இப்ப மலை முகவரியைப் பெருசா போட்டு, 636601ன்னு பின்கோடும் சேர்த்துட்டோம்.

ஐந்து ரோடு, ஆடிட் ஆபீஸ்:
ஏற்காட்டுக்காரம்மா, அவர் கேட்டது வேற. ஆனா பின்கோடு விஷயம் சரிதான். ஜவுளி அண்ணன் பாதி சரி. ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. நம்பர் 33ல ஆரம்பிச்சா தமிழ்நாடு, 29ன்னா கர்நாடகா. சேலம் கார்டுல 33 நம்பர்தான் இருக்கும், அதோட முதன்மை இடம் தமிழ்நாட்டுக்குள்ளதான் வரும். அதை வெச்சு ஹெட் ஆபீஸ் மெய்யனூர்னு சொல்ல முடியாது. அவங்களோட 29 நம்பரைத் தேடுங்க. பெங்களூருல இருந்து வந்த பில் யார்கிட்டயாவது இருக்கும்.

அடிப்பட்டை முகவரியை ஒருதரம் போட்டா அப்படியே கிடக்கும், யாரும் தொடறதில்ல. ஆபீஸ் மாறினா முதல்ல திருத்துறது தொடர்பு பக்கத்தைத்தான். அதனால அதை கார்டோட வரி வரியா ஒப்பிடுங்க: கதவு எண், தெரு, பின்கோடு, லேண்ட்லைன். பின்கோடு ஒத்து கதவு எண் மட்டும் மாறியிருந்தா பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருப்பாங்க. பின்கோடே வேறன்னா ஏரியாவே மாத்தியிருப்பாங்க. கடைசியா போன் போடுங்க, ஆனா தொடர்பு பக்கத்து லேண்ட்லைனுக்கு. கார்டுல இருக்கிற செல்லுக்குப் போட்டா கார்டு கொடுத்தவரே எடுப்பார், கார்டுல இருக்கிறதையே திரும்பச் சொல்வார்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை:
பக்கத்துப் பட்டறையில பழைய பில் ஒண்ணு கிடைச்சுது, 29 நம்பரோட. போட்டேன். தொடர்பு பக்கத்து முகவரி, பின்கோடு உட்பட அப்படியே வந்துச்சு. லேண்ட்லைன்ல ஒரு பொண்ணு எடுத்து, "சார், நாங்க மாறி ரொம்ப நாளாச்சு, சாம்பிள்னா ரெண்டாவது மாடி பர்ச்சேஸ்னு கவர்ல எழுதுங்க"ன்னுச்சு. கார்டுல மாடியும் இல்ல, பிரிவும் இல்ல.

ஆனா ஒரு குழப்பம். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல பதிவு அலுவலகம்னு இன்னும் பழைய முகவரிதான் காட்டுது.

ஐந்து ரோடு, ஆடிட் ஆபீஸ்:
அது நடக்கிறதுதான். பதிவு அலுவலகமும் ஆளுங்க உக்கார்ற ஹெட் ஆபீசும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. வக்கீல் நோட்டீஸ் அங்க போகும், சாம்பிள் இங்க போகும். ஆனா பதிவு அலுவலகத்துல தபாலை வாங்க ஆள் இருக்கணும், அது சட்டம். மாத்தினாலும் 30 நாள்ல தெரிவிக்கணும். உங்க பெட்டி திரும்பினதைப் பார்த்தா மாத்திட்டு மறந்தாங்களா, இல்ல அன்னைக்குக் கதவு பூட்டியிருந்துச்சான்னு எனக்குத் தெரியல.

குகை, அச்சகம்:
கார்டு அடிக்கிறவங்க மேல பழி போடாதீங்க. ஆயிரம் கார்டு அடிச்சா எழுநூறு மீதி இருக்கும்போதே ஆபீஸ் மாறிடுது. மீதியைத் தூக்கிப் போட எந்த முதலாளிக்கும் மனசு வராது. மேல ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்கன்னுதான் வருவாங்க.

அம்மாப்பேட்டை, ஜவுளி:
அப்ப நான் நாலு வருசமா ஈரோட்டுக் கிளைக்கு அனுப்புறதை ஹெட் ஆபீஸ்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். பணம் என்னவோ ஒழுங்காத்தான் வருது.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை:
செவ்வாய்க்கிழமை புது முகவரிக்குப் போட்டுட்டேன். பெங்களூரு போய்ச் சேர்ந்துச்சுன்னு காட்டுது. கையெழுத்து இன்னும் வரல.