பாஸ்பேட் பஃபர்: கணக்கில் 7.20, மீட்டரில் 6.8. எங்கே தவறு?

கண்ணாடிக்குடுவை
அவசர உதவி தேவை. பாஸ்பேட் பஃபர் தயாரித்தேன். இரண்டு உப்புகளும் சம அளவு. ஹென்டர்சன் சமன்பாட்டின்படி pH 7.20 வர வேண்டும். மீட்டர் 6.8 காட்டுகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி எடைபோட்டுச் செய்தேன், அதே 6.8. நாளை காலை நொதிச் சோதனைக்கு இது வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

துளிக்கருவி
எந்த இரண்டு உப்புகள்? சம அளவு என்றால் சம கிராமா, சம மோலா? செறிவு எவ்வளவு?

நீலலிட்மஸ்
மின்முனை பழையதாகியிருக்கும். எங்கள் ஆய்வகத்தில் இப்படித்தான் நடந்தது. புதிய மின்முனை மாட்டியதும் சரியாகிவிட்டது. நேரத்தை வீணாக்காமல் மாற்றிப் பாருங்கள்.

குளிரறை
வெப்பநிலையைக் கவனித்தீர்களா? என் டிரிஸ் பஃபரை 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்து 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் 8.6க்கு அருகில் நிற்கிறது. வெப்பநிலைதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

துளிக்கருவி
டிரிஸ் டிகிரிக்கு 0.028 வீதம் நகரும், உண்மை. பாஸ்பேட்டோ டிகிரிக்கு 0.003 கூட நகராது. அதில் 0.4 வித்தியாசம் வர வேண்டுமானால் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் மாறியிருக்க வேண்டும். கேள்வி கேட்டவர் விவரம் தரட்டும்.

அரைமோல்
ஒரு சந்தேகம். Na2HPO4 புட்டியில் ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம் இருந்து, நீரற்ற உப்பின் மோல் எடையான 142ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால்? உண்மையான மோல் எடை 268. கார உப்பு பாதிதான் விழும். pH 0.28 குறையும்.

கண்ணாடிக்குடுவை
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதவில்லை. NaH2PO4, Na2HPO4, இரண்டும் நீரற்றவை. லேபிளை இப்போது மறுபடி பார்த்தேன். ஒவ்வொன்றும் 0.05 மோல், ஒரு லிட்டரில். 25 டிகிரி. மீட்டர் துல்லியமாகக் காட்டுவது 6.81. காலையில்தான் அளவுத்திருத்தம் செய்தேன், சாய்வு 98 சதவீதம்.

வேதிமுனி
விவரம் வந்துவிட்டது, விடையும் அதிலேயே இருக்கிறது. மீட்டர் ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் காட்டுவதில்லை, செயல்திறனைக் காட்டுகிறது. இதுகூடத் தெரியாமல் சமன்பாட்டில் எண்களைப் போட்டுவிட்டு மீட்டரைக் குறை சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். அடிப்படையை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

துளிக்கருவி
முனிவரே, சொல்வது சரிதான், ஆனால் நாளை காலைச் சோதனைக்கு அது உதவாது. கண்ணாடிக்குடுவை, ஒன்று கேட்கிறேன். அளவுத்திருத்தத்துக்கு எந்தப் பொட்டலங்களைக் கரைத்தீர்கள்?

கண்ணாடிக்குடுவை
4.01, 6.86.

துளிக்கருவி
அந்த 6.86 பொட்டலத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? KH2PO4, Na2HPO4. கரைத்தபின் ஒவ்வொன்றும் 0.025 மோல். உங்கள் பஃபரைப் போலவே சம மோல் பாஸ்பேட். உங்கள் கணக்கு அதற்கும் 7.20 என்றே விடை தரும். ஆனால் 25 டிகிரியில் அதன் தர மதிப்பு 6.865. மீட்டரும் நீங்களும் தவறு செய்யவில்லை. சமன்பாட்டில் ஓர் உறுப்பு விடுபட்டிருக்கிறது.

கரைசலில் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துச் சூழ்ந்துகொள்கின்றன. அதனால் ஒவ்வோர் அயனியும் தன் செறிவைவிடக் குறைவாக இருப்பதுபோல நடந்துகொள்ளும். இந்தக் குறைவு மின்சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. HPO4 இரட்டைச் சுமை கொண்டது, ஆகவே H2PO4ஐவிட நான்கு மடங்கு அடிபடுகிறது (மடக்கையில்). மோல் எண்ணிக்கையில் சமமாக இருந்தாலும் செயல்திறனில் காரப் பக்கம் இளைத்துப்போகிறது. pH கீழே இறங்குகிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். அயனி வலிமையில் NaH2PO4 தருவது 0.05, Na2HPO4 தருவது 0.15. மொத்தம் 0.20. டேவிஸ் சமன்பாடு:

```
log γ = -0.509 z² [ √I/(1+√I) - 0.3 I ]
z = 1 : log γ = -0.127
z = 2 : log γ = -0.507
pH = 7.20 + log(0.05/0.05) - 0.507 + 0.127 = 6.82
```

நீங்கள் அளந்தது 6.81.

அரைமோல்
அருமை. அப்படியானால் என் படிக நீர்ச் சந்தேகம் விழுந்துவிட்டதா? அதுவும் pHஐக் குறைக்கத்தானே செய்யும்?

துளிக்கருவி
நல்ல சந்தேகம் அது. அந்தப் பிழையும் சேர்ந்திருந்தால் 6.6க்கு அருகில் வந்திருக்கும். லேபிளை நம்பாதவருக்குச் சோதனை ஒன்று உண்டு. 100 மில்லியை ஒரு லிட்டராக நீர்க்கச் செய்து அளக்கட்டும். இரு உப்புகளின் விகிதம் மாறாது, எனவே எடைப் பிழை அப்படியே நிற்கும். அயனி வலிமை மட்டும் 0.02க்கு இறங்கும், கணக்குப்படி pH 7.02க்கு ஏறும். வெறும் தண்ணீர் ஊற்றியதற்கே pH 0.2 ஏறினால் அந்தப் பங்கு செயல்திறனுடையது. போய் நிற்கும் இடம் 7.0 ஆக இருந்தால் எடையும் சரி.

நீலலிட்மஸ்
இருந்தாலும் மின்முனையைச் சோதிப்பது நல்லது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலும் pH குறையுமே?

துளிக்கருவி
தூய நீரில் குறையும். 0.1 மோலார் பஃபருக்கு அந்தச் சிறு அமிலம் ஒரு பொருட்டே இல்லை.

வேதிமுனி
நீங்கள் கணக்கிட்டது தோராயம் என்பதையும் சொல்ல வேண்டும். தனி ஓர் அயனியின் செயல்திறனை எவராலும் அளக்க முடியாது. உங்கள் γ மதிப்புகள் ஒரு மாதிரியின் ஊகம்.

அரைமோல்
அப்படியென்றால் 6.865 என்ற எண் எங்கிருந்து வந்தது? எல்லாரும் கூடி முடிவு செய்ததா?

வேதிமுனி
ஹைட்ரஜன் மின்முனையும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையும் சேர்ந்த கலத்தில் மிகக் கவனமாக அளக்கிறார்கள். அதில் குளோரைடு அயனியின் குணகம் ஒன்று மட்டும் தேவைப்படும். அதற்கு பேட்ஸ்–குகன்ஹைம் மரபை எடுத்துக்கொள்கிறார்கள். அளவீடும் மரபும் சேர்ந்ததே pH.

அரைமோல்
அப்படியானால் மூன்றாம் தசம இடத்தைப் பற்றிச் சண்டை போடுவதில் பொருளில்லை என்கிறீர்களா?

வேதிமுனி
நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரே மரபுக்குள் இருக்கும்வரை அந்த இடத்துக்குப் பொருள் உண்டு.

குளிரறை
கேள்வி கேட்டவருக்கு 7.20 வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முடிந்தது. இவ்வளவு பேச்சு எதற்கு?

துளிக்கருவி
விடலாம், தவறில்லை. ஆனால் எந்தச் செறிவில் விடுகிறோம் என்பதே சிக்கல். பத்து மடங்கு அடர்த்தியான கரைசலில் 7.20க்குச் சரிசெய்து வைத்துவிட்டு, பயன்படுத்தும்போது நீர்த்தால் மேலே போய்விடும். நொதிக்காக உப்பு சேர்ப்பதாக இருந்தால் அதையும் சேர்த்தபின், இறுதிப் பருமனுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். ஹைட்ராக்சைடு இல்லாமல் செய்ய விரும்பினால் லிட்டருக்கு Na2HPO4 0.07 மோல், NaH2PO4 0.03 மோல் எடுங்கள். ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணைகளும் 7.2க்கு ஏறக்குறைய இதே 68:32 விகிதத்தைத்தான் தருகின்றன.

குளிரறை
என் டிரிஸும் நீர்த்தால் மேலே போகுமா?

துளிக்கருவி
போகாது. அங்கே மின்சுமை அமிலப் பக்கத்தில் இருக்கிறது, காரம் நடுநிலையானது. ஆகவே திசை மாறும், நீர்த்தால் சற்றுக் குறையும்.

அரைமோல்
1 மோலார் உப்பு சேர்த்த பஃபருக்கும் டேவிஸ் பொருந்துமா?

வேதிமுனி
0.5க்கு மேல் அதை நம்பக் கூடாது. பிட்சர் சமன்பாடுகளுக்குப் போக வேண்டும்.

துளிக்கருவி
அதற்கு வேண்டிய மாறிலிகளைத் தேடி எடுப்பதற்குள் பஃபரைக் கலந்து அளந்தே விடலாம். அவ்வளவு உப்பில் மின்முனையின் சந்திப்பு மின்னழுத்தமும் நகரும் என்பதால் அந்த அளவீட்டையும் இரண்டாம் தசமம்வரை நான் நம்ப மாட்டேன்.

வேதிமுனி
அதனால்தான் பிட்சர் என்கிறேன். அளவீடு ஐயத்துக்குரியதாகும் இடத்தில் கணக்குத்தான் துணை.

கண்ணாடிக்குடுவை
நீர்த்துப் பார்த்தேன், 7.01. புதிதாக 0.07, 0.03 கலந்ததில் 7.22. நன்றி, சோதனைக்குப் போகிறேன்.