புதுப்பிப்பு: துபாயா, ஓசூரா?

முன்பு கேட்டது: "துபாயில் ஏசி மெக்கானிக் வேலை, 3,500 திர்ஹாம். ஓசூரில் 28,000 ரூபாய். மூன்று வருடம் போய்வரலாமா?"

துபாய் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. அடிப்படைச் சம்பளம் 1,500தான், மீதி அலவன்ஸ். "வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கிராஜுவிட்டி" என்று ஒரு தம்பி சொன்னது பாதிதான் சரி. முதல் ஐந்து வருடம்வரை ஆண்டுக்கு 21 நாள், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் என்று அங்கே வேலை பார்த்த அண்ணன் திருத்தினார். அப்படியென்றால் மூன்று வருடத்துக்கு 3,150 திர்ஹாம். ஓசூரிலோ மாதாமாதம் பி.எஃப்.பில் முதலாளி பங்கும் சேரும்.

ரூம் வாடகையும் சாப்பாடும் யார் தலையில் என்று லெட்டரில் இல்லை. எழுத்தில் கேட்டிருக்கிறேன். அதுவரை ஓசூர்க்காரர்களிடம் நாள் கடத்துகிறேன், எத்தனை நாள் பொறுப்பார்களோ.