Mbps, MB/s: இரண்டும் தமிழில் ‘மெ.பி.’ ஆகலாமா?

மீனாட்சி:

அனைவருக்கும் வணக்கம். பதிவிறக்கச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். மூலத்தில் `Mb/s`, `MB/s` என்று இரண்டு தனித்தனிச் சரங்கள். முன்பு மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ‘மெ.பி./நொடி’ என்றே போட்டுவிட்டார். முதலாவதில் பி என்றால் பிட். இரண்டாவதில் B என்றால் பைட், ஆனால் ஆங்கில எழுத்தை அப்படியே ‘பி’ என்று எழுதிவிட்டார்.

விளைவு, நேற்று வந்த புகார்: “மாதாமாதம் 100 திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். வேகச் சோதனை செய்தால் 94 மெ.பி. காட்டுகிறது. உங்கள் செயலியில் 11.2 மெ.பி.தான். மீதி எங்கே போகிறது?” அவர் கேட்பது நியாயம்தானே.

ஆங்கிலத்தில் சின்ன b, பெரிய B என்று எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். நமக்குச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து கிடையாது. வேறுபாடு சொல்லிலேயே இருந்தாக வேண்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் பைட்டுக்கு ‘எண்பிட்’ என்று வைக்கலாமா? சுருக்கம் மூன்று, நான்கு எழுத்துக்கு மேல் போனால் பட்டியில் இடம் கொள்ளாது.

ராமலிங்கம்:

அம்மா மீனாட்சி, ‘எண்பிட்’டில் ‘எண்’ என்பதை எட்டு என்று யார் படிப்பார்கள்? எண்ணிமம், எண்ணியல் என்று கணினித் துறையில் ஏற்கெனவே ‘எண்’ நிரம்பிக் கிடக்கிறது. ‘எண்களாலான பிட்’ என்றே பொருள் கொள்வார்கள். ‘எட்டி’ என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். எட்டிக்காய் கசக்கும், விட்டுவிடலாம்.

நம்மிடம் எட்டுக்கு ஒன்று என்ற அளவை முன்பே இருக்கிறது. எட்டு நாழி ஒரு குறுணி. நாழியைப் படி என்றும் குறுணியை மரக்கால் என்றும் சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புகார் சொன்னவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கடைக்காரர் 100 படி நெல் என்று சொல்லி விற்றார். நீங்கள் வீட்டில் மரக்காலால் அளந்தீர்கள். 12 மரக்கால் வந்து 4 படி மிஞ்சும். நெல் குறையவில்லை. ஆகவே பைட்டுக்குக் ‘குறுணி’ என்று முன்மொழிகிறேன்.

பிட்டுக்கும் வேறு சொல் வேண்டும். நான் 31 ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவன். ‘பிட்’ என்றால் இன்றும் என் கை மாணவன் சட்டைப் பையைத்தான் தேடும்.

அருண்:

ஐயா, ‘மெகாகுறுணி’ என்று திரையில் பார்த்தால் செயலியையே நீக்கிவிடுவார்கள் 🙂 சொல்லை விடுங்கள், கணக்கு எளிது. 8ஆல் வகுத்தால் முடிந்தது. 100ஐ வகுத்தால் 12.5. அவருக்கு 11.2 வருகிறது என்றால் மீதி 1.3ஐ இணைய நிறுவனம் அமுக்குகிறது. அதற்கு வேண்டுமானால் அவர் புகார் கொடுக்கலாம்.

பாலு:

நல்ல நேரத்தில் இதை எடுத்தீர்கள். என்னுடையது 200 திட்டம். எனக்கும் கம்ப்யூட்டரில் 11.2தான் வருகிறது, ஒரு வருடமாக. கம்பெனிக்குப் போன் செய்தால் “சார், அது மெகாபைட், நீங்கள் மெகாபிட் என்று நினைக்கிறீர்கள்” என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். அப்போ எனக்கு வருவது குறுணிதானா? சரியாகத்தான் வருகிறதா?

அருண்:

ஆமாம் அண்ணே, அதே குழப்பம்தான். ஒன்றும் பிரச்சினை இல்லை.

கௌசல்யா:

அருண், கொஞ்சம் பொறுங்கள். பாலு அண்ணனுக்கு நிச்சயமாகப் பிரச்சினை இருக்கிறது. உங்கள் கணக்கையே போடுங்கள், 200ஐ 8ஆல் வகுத்தால் 25. அவருக்கு வருவது அதில் பாதிகூட இல்லை.

முதலில் அந்த 1.3. அதை யாரும் அமுக்கவில்லை. தரவு சுமார் 1,500 பைட் கொண்ட பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றின் மேலும் முகவரிச் சீட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் இடைவெளி. அதற்கே ஐந்தாறு விழுக்காடு போய்விடும். வேகச் சோதனை 94 காட்டியது அதனால்தான். 94ஐ 8ஆல் வகுத்தால் 11.75. பிறகு பல செயலிகள் மெகாவைப் பத்து லட்சம் என்று எடுக்காமல் 10,48,576 என்று எடுக்கின்றன. அப்படி வகுத்தால் 11.2. மீனாட்சியின் பயனருக்கு முழு வேகமும் வருகிறது.

இப்போது பாலு அண்ணன். 200 திட்டத்தில் 11.2 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். அது 100 மெகாபிட் வடத்தின் உச்சவரம்பு. திட்டம் 200 ஆனாலும் 500 ஆனாலும் அங்கேயே முட்டி நிற்கும். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100க்கு நான்கு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் சரியாகக் கடிக்காமல் விட்டாலோ பெரும்பாலும் இரு பக்கமும் பேசிவைத்துக்கொண்டு 100க்கு இறங்கிவிடும். இணைப்பு அறாது, அதனால் யாருக்கும் தெரியாது. லினக்ஸ் என்றால் இதைப் பாருங்கள் (கார்டின் பெயர் உங்களுடையதில் வேறாக இருக்கும்):

```
ethtool enp3s0 | grep Speed
```

மீனாட்சிக்கு ஒரு கதை. 1956இல் ஐ.பி.எம்.மில் வெர்னர் புக்ஹோல்ட்ஸ் பைட் என்ற சொல்லை உருவாக்கியபோது, ‘கடி’ என்று பொருள்படும் bite என்ற சொல்லை வேண்டுமென்றே y போட்டு byte என்று எழுதினார். கைதவறி bit ஆகிவிடக் கூடாதே என்று! சுருக்கியதும் இரண்டும் மறுபடி b ஆகிவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் பைட்டை octet என்கிறார்கள், திரையில் `Mo/s` என்று வரும். அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பாலு:

அம்மா, `Speed: 100Mb/s` என்று வந்தது. சின்ன b! ரௌட்டரிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். இணைப்புக் கொடுத்த பையன் நான்கு கம்பிகளை மட்டும் செருகிவிட்டு மற்ற நான்கையும் வெட்டி விட்டிருக்கிறான். மகனுடைய பழைய கேபிளைத் தரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். `1000Mb/s`. பதிவிறக்கம் 22.4. ஆனால் செல்போனில் வைஃபை வழியாக 5தான் வருகிறது. அதுவும் கம்பியா?

அருண்:

மன்னிக்கவும் அண்ணே, அவசரப்பட்டுவிட்டேன்.

ராமலிங்கம்:

பிரெஞ்சுக்காரனுக்கு எட்டு என்ற பொருளில் சொல் இருக்கலாம், நமக்குக் குறுணி கூடாதோ? தம்பி அருணே 8ஐ மறந்து 11ஐ மட்டும் பார்த்தார். பெயரிலேயே எட்டு இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டார்.

மீனாட்சி:

ஐயா, பெயரில் எட்டு இருப்பதாக நாம் சொல்லிக்கொள்ளலாம். குறுணி என்றால் எட்டு என்று என் வயதுக்காரர்களுக்கே தெரியாது, குறுணை என்று நினைத்துக் கஞ்சி வைப்பார்கள். வெள்ளிக்கிழமை சரங்களைப் பூட்டுகிறார்கள். இந்த வெளியீட்டுக்கு ‘மெ.பிட்/நொ’, ‘மெ.பைட்/நொ’ என்று முழுசாகவே போடுகிறேன். மூன்று எழுத்து வரம்பைச் சற்று மீறுகிறது, பட்டியை நீட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். எண்ணின் மேல் சுட்டியை வைத்தால் 8ஆல் பெருக்கி மெகாபிட்டிலும் காட்டச் சொல்லி ஒரு கோரிக்கை.

குறுணியை விவாதப் பட்டியலிலேயே வைத்திருக்கிறேன். கிலோ, மெகா, கிகா எல்லாவற்றோடும் ஒட்டிப் பார்த்து யாராவது சொல்லுங்கள். ‘கிகாகுறுணி’ எனக்கு வாயில் நுழையவில்லை.

கௌசல்யா:

பாலு அண்ணா, போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறதா, 5லா? அப்புறம், அந்த 5 எந்த 5? பிட்டா, பைட்டா?