‘குட் யூ’ என்று தொடங்கும் வரிக்குக் கேள்விக்குறியா, புள்ளியா?

அல்சூர்: ஆபீஸ் மெயிலில் அடிக்கடி வரும் இரண்டு வரிகள்:

```
Could you send the file?
Could you send the March file by 4 pm today.
```

முதல் வரியில் ‘முடியாது’ என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு இடம் இருக்கிறது. இரண்டாவது, கேள்வி வேஷம் போட்ட வேண்டுகோள். ஆமா, இல்லை என்ற பதில் அதற்குத் தேவையில்லை. ஃபைல் வந்தால் போதும். இந்த மாதிரி வரிக்குக் கேள்விக்குறி வேண்டாம் என்பதுதான் சிகாகோ நடைக் கையேட்டின் வழியும். ஆனால் மேலதிகாரிக்கோ கிளையண்டுக்கோ எழுதும்போது கேள்விக்குறியே போடுங்கள். அங்கே புள்ளி வைத்தால், அவர் சம்மதிப்பதற்கு முன்பே நாமே முடிவு செய்துவிட்ட மாதிரி படும்.

ஒயிட்ஃபீல்டு: ‘குட்’ முன்னாடி வந்துட்டா கேள்விக்குறி கட்டாயம்னுதான் ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’னு எழுதினாலும் அதேதானே?

அல்சூர்: முதல் பாதி ஓரளவு சரி, கேள்விக்குறி போட்டால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். கட்டாயம் என்பதுதான் இல்லை. ‘ஐ வாஸ் வொண்டரிங்’ வேறு கதை. ‘யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்று செய்திதான் சொல்கிறோம். கேள்வி அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. அதற்குப் புள்ளிதான்.

ஜெயநகர்: ‘அனுப்பவும்’ எழுதினா பின்னாடி கேள்விக்குறி போடணுமா? எங்க அபார்ட்மென்ட் நோட்டீஸ்ல போட்டிருக்காங்க.

சிவாஜிநகர்: இங்கே பேச்சு ஆங்கிலத்தைப் பற்றிங்க. இருந்தாலும், ‘அனுப்பவும்’, ‘அனுப்புங்களேன்’ இரண்டுக்கும் கேள்விக்குறி வேண்டாம். ‘அனுப்ப முடியுமா’வில் கடைசி ‘ஆ’வே கேள்வி, அதனால் குறியும் வேண்டும். நம்ம ஆட்கள் ‘குட் யூ’ எழுதும்போது மனதில் ‘முடியுமா’தான் ஓடுகிறது. கை தானாகக் கேள்விக்குறிக்குப் போவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கோரமங்கலா: எங்க வெண்டருக்கு ‘குட் யூ செண்ட் தி இன்வாய்ஸ்?’னு அனுப்பினா ‘யெஸ்’னு மட்டும் பதில் வருது. இன்வாய்ஸ் வரவே மாட்டேங்குது. புள்ளி வெச்சா சரியாயிடுமா?

அல்சூர்: குறியை மட்டும் மாற்றினால் ஆகாது. உங்கள் வரியில் எந்த மாத இன்வாய்ஸ், எப்போதைக்குள், யாருக்கு என்ற மூன்றும் இல்லை. அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் அவர் ‘யெஸ்’ சொல்லிவிட்டுப் போகிறார். வேண்டுகோளையும் கேள்வியையும் பிரித்து எழுதுங்கள்:

```
Please send the March invoice to accounts by Friday, 4 pm.
Is the GST number on it the new one?
```

முதல் வரிக்குச் செயல், இரண்டாவதற்குப் பதில். இரண்டையும் ‘அண்ட்’ போட்டு ஒரே வரியாக இழுத்தால் கேள்விக்குறிதான் கடைசியில் வரும். ஜிஎஸ்டிக்கு மட்டும் பதில் வந்து இன்வாய்ஸ் விடுபட்டுப்போகும்.

ஒயிட்ஃபீல்டு: மெயில்ல சரி. சாட்ல ‘குட் யூ செண்ட் தி ஃபைல்’னு எழுதிப் புள்ளி வெச்சா, என்ன கோபமான்னு கேக்குறாங்க.

சிவாஜிநகர்: சாட்டில் நான் கேள்விக்குறிதான் போடுவேன். அங்கே ஒரு வரியோடு மெசேஜ் முடிந்துவிடும், புள்ளி இல்லாமலே முடிந்தது தெரியும். வேண்டுமென்றே வைத்த புள்ளி கடுப்பாகப் படும்.

அல்சூர்: டீமுக்குள் என்றால் சாட்டிலும் நான் புள்ளிதான் வைப்பேன், முன்னால் ஒரு ‘ப்ளீஸ்’ சேர்த்து. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போல.