கலைச்சொல்: Heal என்பதற்கு ‘குணமாக்கு’ சரியா?

செல்வி:
வணக்கம். படத்திருத்த மென்பொருளின் தமிழாக்கத்தில் `Heal` கருவிக்கு ‘குணமாக்கு’ என்று போட்டிருக்கிறோம். ஒரு தெருப் படத்தில் குறுக்கே ஓடும் மின்கம்பிகளை அழிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் எப்படி ஏமாற்றுகிறது என்று தெரிந்தது. வெறும் வானத்தில் ஓடிய கம்பி ஒரே இழுப்பில் மறைந்தது. மாடியின் கைப்பிடிச் சுவரைக் கம்பி தாண்டும் இடத்திலோ, சுவரின் கருமை வானத்துக்குள் புகைபோல ஏறிவிட்டது. கோடு போட்டதுபோல் இருந்த விளிம்பு உருகிய மெழுகாகிவிட்டது. குணமாகவில்லை, புண்தான் ஆனது. ‘நிரவு’ என்று மாற்றலாமா?

முத்து:
மின்கம்பி வேறு, கேபிள் வேறு. கேபிளுக்கு ‘வடம்’ என்று முன்பே முடிவு செய்தோமே?

செல்வி:
முத்து, கம்பிக்குப் பெயர் கேட்கவில்லை. அதை அழிக்கும் கருவிக்குக் கேட்கிறேன்.

நசீர்:
‘நிரவு’ பொருந்தும். அந்தக் கருவி மாதிரி இடத்திலிருந்து இழையமைப்பை மட்டும்தான் எடுக்கிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் தூரிகை படும் இடத்தின் ஓரங்களிலிருந்து வாங்கி உள்நோக்கிப் பரப்புகிறது. மேடுபள்ளத்தை மண்வெட்டியால் நிரவுவது இதுதான். நாலு ஓரமும் வானமாக இருந்தால் நன்றாக அமையும். ஓர் ஓரம் இருண்ட சுவராக இருந்தால் அந்த இருட்டும் சேர்ந்து பரவும். உங்கள் ‘புகை’ அதுதான். அதற்கு ‘கசிவு’ என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே விளிம்பில் நிரவக் கூடாது, `Clone` கொண்டு படியெடுக்க வேண்டும்.

ராணி:
அவ்வளவு சிரமம் எதற்கு, நசீர் அண்ணா? விளிம்பை ஒட்டி வானத்தை மட்டும் தெரிவு செய்துகொண்டு நிரவினால் சுவர் கலக்காது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

நசீர்:
பாதி சரி, ராணி. ஃபோட்டோஷாப்பில் தெரிவு கசிவைத் தடுக்கும். வேறு மென்பொருளில் ஒரு மூலையில் முயன்று பார்த்துவிட்டு நம்புங்கள். தடுத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உண்மையான படத்தில் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது. வானத்திலிருந்து சுவருக்கு இரண்டு மூன்று படப்புள்ளி அகலத்தில் நிறம் மெல்ல மாறும். தெரிவின் கோடு அதை நடுவில் அறுத்தால் கம்பி இருந்த இடத்தில் மட்டும் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும்.

அதனால் நான் வானத்தை விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்தி நிரவுவேன். விளிம்புப் பட்டையைத் தனியாகப் படியெடுப்பேன். செல்வியின் படத்தில் சுவர் வலப்பக்கம் 100 புள்ளிக்கு 3 புள்ளி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 200 புள்ளி இடப்பக்கத்திலிருந்து மாதிரி எடுத்தால், அதே உயரத்தில் எடுக்கக் கூடாது, 6 புள்ளி மேலே எடுக்க வேண்டும். மாதிரிப் புள்ளியை விளிம்பின் மேலேயே குத்தி, முதல் தீற்றலையும் விளிம்பின் மேலேயே தொடங்குங்கள். `Aligned` போட்டிருந்தால் அந்த இடைவெளி கடைசிவரை மாறாது. ஒரு புள்ளி தவறினாலும் கூரையில் ஒரு சின்னப் படிக்கட்டு முளைக்கும். 300 விழுக்காடு பெரிதாக்கி விளிம்போடு கண்ணை ஓட்டினால் அகப்பட்டுவிடும்.

கம்பியை மட்டும் மூடினால் போதாது என்பதையும் மறக்காதீர்கள். கேமரா கூர்மையாக்கியதால் அதன் இருபுறமும் ஒரு வெளிர்கோடு இருக்கும். அதையும் மூடாவிட்டால் கம்பி போய் அதன் ஆவி நிற்கும்.

முத்து:
என் படத்தில் கூரையே வில்லாக வளைந்திருக்கிறது. மாதிரி எடுத்த இடத்துக்கும் ஒட்டும் இடத்துக்கும் சாய்வு பொருந்தவே இல்லை.

நசீர்:
அது லென்சின் வளைவு. முதலில் அதை நேராக்கிவிட்டுக் கம்பியில் கை வையுங்கள். அப்புறமும் மாதிரியைப் பக்கத்திலேயே எடுங்கள். தூரம் போகப்போகச் செங்கல் வரிசை சிறுத்துவிடும்.

கனகசபை:
விளக்கம் நன்று. சொல்லில்தான் எனக்குத் தயக்கம். ‘நிரவல்’ என்றதும் பாட்டுக் கச்சேரி நினைவுக்கு வருவது போகட்டும். `Fill` என்பதற்கு நாம் ‘நிரப்பு’ என்று வைத்திருக்கிறோம். பட்டியலில் ‘நிரப்பு’, ‘நிரவு’ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் அவசரத்தில் எவனும் தவறாக அழுத்துவான். ‘இசைவி’ என்று யோசிக்கலாமே?

ராணி:
‘இசைவி’ என்றால் ஒலிக் கருவி என்று நினைப்பார்கள், ஐயா.

செல்வி:
நிரப்பு–நிரவு குழப்பம் வரும் என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை, ஐயா சொல்வது உண்மைதான். ‘படியெடு’, ‘கசிவு’ இரண்டுக்கும் யாரும் மறுப்பு சொல்லவில்லை, ஏற்றிவிட்டேன். இதை மட்டும் ஐயக்குறியோடு விட்டுவைக்கிறேன்:

```
#, fuzzy
msgid "Heal"
msgstr "நிரவு"
```

அந்தக் கைப்பிடிச் சுவரை மறுபடி செய்தேன், நசீர் அண்ணா. வலது கோடியில் இன்னும் ஒரு படிக்கட்டு இருக்கிறது.