தவறுதலாக "Allow" அழுத்திய பிறகு விடாமல் வரும் இணையதள அறிவிப்புகள்: உங்கள் அனுபவங்கள்

வைகைக்கரை

நான் அறைக்குள் நுழைந்தபோது அப்பா வங்கி அட்டையின் பின்புறத்தைக் கண்ணருகே பிடித்து மூன்று இலக்க எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். கணினித் திரையின் வலது கீழ் மூலையில் பெயர்பெற்ற ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளின் சின்னத்தோடு, "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, சந்தா இன்றே முடிகிறது" என்ற பொருளில் ஓர் ஆங்கில அறிவிப்பு நின்றிருந்தது. அதைச் சொடுக்கியதும் திறந்த பக்கத்தில் அவர் பணம் கட்டும் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டிருந்தார். "புதுப்பிக்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்கிறதே அம்மா" என்றார். அந்த மென்பொருளை அவர் ஒருபோதும் வாங்கியதே இல்லை.

அட்டையை வாங்கி வைத்துவிட்டு, விண்டோஸில் இருக்கும் பாதுகாப்புச் செயலியால் முழுச் சோதனை ஓட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை, ஆனால் அந்தச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு அறிவிப்புகள் வந்தன. அப்போதுதான் அவற்றில் சிறிய எழுத்தில் "Google Chrome" என்றும், அதையடுத்துப் புரியாத ஒரு தள முகவரியும் இருப்பதைக் கவனித்தேன். அதற்கு முந்தைய வாரம் கிரிக்கெட் ஆட்டம் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போனபோது, "நீங்கள் இயந்திரம் அல்ல என்று காட்ட Allow அழுத்துங்கள்" என்று கேட்டதாகவும், தானும் அழுத்தியதாகவும் அப்பா பிறகு சொன்னார். படிவத்தை அனுப்பும் பொத்தானுக்கு அவர் விரல் எவ்வளவு அருகில் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

நெல்வயல்

எனக்கும் இதே தொல்லை இருந்தது. குரோமின் வரலாற்றை முழுவதும் அழித்தேன், பிறகு அமைப்புகளில் "Don't allow sites to send notifications" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பின் எந்தப் புதுத் தளமும் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. எனவே அந்த ஒரு தேர்வே போதுமானது என்பது என் அனுபவம். பழைய அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன என்பது உண்மைதான், அவை நாளடைவில் ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மாடிப்படி

நெல்வயல் அவர்களே, அவை தாமாக ஓயும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் மாற்றியது, இனிமேல் வரும் தளங்களுக்கான பொதுவிதியை மட்டுமே. ஏற்கெனவே அனுமதி பெற்ற தளங்கள் அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், "Allowed to send notifications" என்ற தலைப்பின் கீழ்த் தனிப்பட்டியலாக இருக்கும். பொதுவிதி எதுவாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இருப்பவற்றுக்கு அனுமதி நீடிக்கும். வரலாற்றை அழிப்பதும் அந்தப் பட்டியலைத் தொடாது. குக்கீகளையும் தளத் தரவுகளையும் சேர்த்து அழித்தால் சில நாள் அமைதி கிடைக்கலாம், ஆனால் அனுமதி அப்படியே இருப்பதால், அந்தத் தளத்துக்கு மறுபடி ஒருமுறை போனாலே, உங்களைக் கேட்காமல் அது மீண்டும் தொடங்கிவிட முடியும்.

இதை நான் அறிந்தது எங்கள் அலுவலகத்துக் கணக்காளரின் கணினியில்தான். அவர் குரோமைத் திறந்ததும், எந்தத் தளத்துக்கும் போகாதபோதே, "உங்களுக்குப் பரிசு" என்று அறிவிப்புகள் வரிசையாக இறங்கின. ஒருமுறை அனுமதி கொடுத்ததும் தளம் தன் சிறு நிரல் ஒன்றை உலாவியில் பதிந்துவிடுகிறது. அதன்பின் செய்தியை அனுப்பும்போதெல்லாம் உலாவியே அந்த நிரலை எழுப்பிக் காட்டுகிறது, தளம் திறந்திருக்க வேண்டிய தேவையில்லை. வைரஸ் சோதனையில் ஒன்றும் அகப்படாததற்கும் இதுவே காரணம், ஏனெனில் நடப்பதெல்லாம் நாம் கொடுத்த அனுமதியின்படி நடப்பவை. முகவரிப் பட்டையில் இதைத் தட்டினால் நேரே அந்தப் பட்டியலுக்குப் போகலாம்:

```
chrome://settings/content/notifications
```

அங்கே கணக்காளரின் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. அவருடைய மின்னஞ்சலும் அலுவலக நாட்காட்டியும் தவிர மற்றவை எல்லாம் அறிமுகமற்றவை, அவற்றில் நான்கு, முன்னால் வரும் எண் மட்டும் மாறி ஒரே பெயரில் முடிந்தவை. ஒன்றை மறுத்தால் அடுத்த எண்ணுள்ள முகவரிக்குத் திருப்பிவிட்டு மறுபடி கேட்பது இத்தகைய தளங்களின் வழக்கம். ஒவ்வொன்றின் வலப்புறமும் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி "Block" கொடுத்தேன். "Remove" கொடுத்தாலும் அறிவிப்புகள் நின்றுவிடும், ஆனால் அந்தத் தளம் மீண்டும் அனுமதி கேட்க வழி திறந்திருக்கும். எனவே ஏமாற்றுத் தளங்களுக்கு "Block" கொடுப்பதையே நான் வலியுறுத்துகிறேன்.

ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான இயந்திரச் சோதனை பக்கத்துக்குள்ளேயே, படத்தைத் தேர்வுசெய்வதாகவோ கட்டத்தைக் குறிப்பதாகவோ இருக்கும். முகவரிப் பட்டைக்கு அடியில் உலாவி எழுப்பும் சிறு பெட்டியில் "wants to show notifications" என்று எழுதியிருந்தால், பக்கம் என்ன சொன்னாலும் அது அறிவிப்புக்கான அனுமதி மட்டுமே.

செம்பருத்தி

என் ஐபோனிலும் இதே போல "உங்கள் ஐபோனில் வைரஸ்" என்று ஒரு மணிக்கு ஒருமுறை வந்தது. நீங்கள் சொல்லும் பட்டியலைச் சஃபாரியில் எவ்வளவோ தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் நாட்காட்டியைத் திறந்தபோதுதான், நாள்தோறும் பத்துப் பதினைந்து போலி நிகழ்வுகள் நிரம்பியிருப்பதைப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களும் தங்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாடிப்படி

செம்பருத்தி அவர்களே, உங்களுடையது வேறு வழியாக வந்தது. ஐபோனில் இணையதளம் இப்படி அறிவிப்பு அனுப்ப, அதை முதலில் முகப்புத் திரையில் சேர்த்திருக்க வேண்டும். அதற்கான வசதியே 2023இல் வந்த 16.4 பதிப்பில்தான் தொடங்கியது. நீங்கள் அழுத்தியது நாட்காட்டிச் சந்தாவாக இருந்திருக்கும். நாட்காட்டிச் செயலியில் "Calendars" என்பதைத் தொட்டு, அந்தப் பெயருக்கு அருகிலுள்ள தகவல் குறியில் "Unsubscribe" கொடுத்தால் எல்லா நிகழ்வுகளும் ஒன்றாக நீங்கும். ஆண்ட்ராய்டில் அறிவிப்பை அழுத்திப் பிடித்தால், அதை அனுப்பியது எந்தச் செயலி என்று தெரியும். குரோம் என்று இல்லாமல் வேறு பெயர் வந்தால், அந்தச் செயலியையே நீக்க வேண்டியிருக்கும்.

நெல்வயல்

பட்டியலைப் பார்த்தேன். ஆறு பெயர்கள் இருந்தன, அவற்றுள் இரண்டை எப்போது அனுமதித்தேன் என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் "Block" செய்துவிட்டேன், நேற்று மாலை முதல் ஒன்றும் வரவில்லை. பொதுவிதியே போதும் என்று நான் எழுதியது தவறுதான்.

வைகைக்கரை

அப்பாவின் பட்டியலில் மூன்று பெயர்களை அன்றைக்கே "Remove" செய்திருந்தேன். இந்த வாரம் வேறோர் எண்ணுடன் அதே பெயர் பட்டியலில் மறுபடி இருக்கிறது. தான் எதையும் அழுத்தவில்லை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். நீட்சி ஏதாவது சேர்த்திருக்குமோ என்று பார்த்தால், அப்பாவின் குரோமில் ஒரு நீட்சியும் இல்லை. இம்முறை "Block" கொடுத்துவிட்டேன், பொதுவிதியையும் மாற்றிவிட்டேன். அது எப்படித் திரும்பி வந்தது என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.