தொடர்த்தலைப்பா, மீள்தலைப்பா? நாட்காட்டி அழைப்புகளுக்குப் பெயரிடுவது குறித்து

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். நாட்காட்டிச் செயலி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வாராவாரமும் மாதாமாதமும் தானாக வந்து நிற்கும் கூட்ட அழைப்புகளுக்கு எப்படித் தலைப்பு வைத்தால் பிறகு தேடி எடுக்க முடியும் என்று ஒரு பகுதி முழுக்கப் பேசுகிறது. அதற்கு மூன்று சொற்கள் வேண்டும். ரிக்கரிங் ஈவென்ட் ஒன்று. அதற்கு வைக்கும் தலைப்பு இரண்டு. நேமிங் கன்வென்ஷன் மூன்று.

இப்போதைக்கு 'மீள்நிகழ்வு', 'மீள்தலைப்பு', 'பெயரிடும் முறை' என்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் 'மீள்தலைப்பு' என்று படித்தால் தொலைந்துபோய் மீட்டெடுத்த தலைப்பு போல இருக்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

கதிரவன்:

வணக்கம் மலர்விழி. சொல்லுக்குப் போகுமுன் பொருள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். நாட்காட்டிகள் அழைப்பைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம் RFC 5545, 2009இல் வந்தது. செவ்வாய்தோறும் காலை பத்தரைக்கு நடக்கும் ஒரு கூட்டம் அதில் சுருக்கமாக இப்படித்தான் இருக்கும்:

```
BEGIN:VEVENT
UID:billing-01@example.org
DTSTART;TZID=Asia/Kolkata:20250107T103000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
SUMMARY:பில்லிங்: நிலுவைக் குறைகள்
END:VEVENT
```

நாட்காட்டியில் எத்தனை செவ்வாய் தெரிந்தாலும் தலைப்பு, அதாவது SUMMARY, எழுதப்பட்டிருப்பது ஒரே ஒரு முறை. ஏதாவது ஒரு வாரத்தை மட்டும் மாற்றினால், அதே UID-உடன் RECURRENCE-ID சேர்ந்த தனித் துண்டு ஒன்று பக்கத்தில் உட்காரும். ஆக, தலைப்பு ஒவ்வொரு வாரக் கூட்டத்துக்கும் சொந்தமானதல்ல, தொடர் முழுவதற்கும் சொந்தமானது. 'மீள்' என்பது ஒரு கூட்டம் திரும்ப வருவதைச் சொல்கிறது. 'தொடர்' என்பது அந்த முழுக் கோவையைச் சொல்கிறது. என் வாக்கு 'தொடர்நிகழ்வு', 'தொடர்த்தலைப்பு' என்பவற்றுக்கு. தனித்தனி வாரத்தை 'அமர்வு' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லை எடுத்தால் விதியும் அதிலேயே வந்துவிடுகிறது. எல்லா அமர்வுக்கும் பொருந்துவது மட்டுமே தொடர்த்தலைப்பில் இருக்கலாம். நாள், கிழமை, நேரம், 'வாராந்திர' என்பதெல்லாம் RRULE-இலும் DTSTART-இலும் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாறும் அன்று, தலைப்பில் இருக்கும் 'வாராந்திர' பொய்யாகிவிடும். அதைத் திருத்த யாருக்கும் நினைவு வராது.

அருள்:

கதிரவன், இதில் எனக்கு உடன்பாடில்லை. கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது 2025-01-07 என்று தேதியை முதலில் வைக்கிறோம், வரிசையாக நிற்கிறது. அதேபோல 'வாரம்-செவ்வாய்-பில்லிங்' என்று வைத்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது பார்த்தவுடனே தெரியும். எல்லாக் குழுவும் ஒரே வடிவில் வைத்தால் போதும், எந்த வடிவம் என்பது இரண்டாம்பட்சம்.

வாசுகி:

ஒரே வடிவம் வேண்டும் என்பதில் அருள் சொல்வது சரிதான். ஆனால் கோப்புறையில் பெயர்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. நாட்காட்டியில் நேரம் தீர்மானிக்கிறது. தலைப்பில் எதை முன்னால் வைத்தாலும் வரிசை மாறாது. மாறுவது கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். வாரக் காட்சியில் அரை மணி நேரக் கட்டத்துக்கு ஒரு வரிதான் கிடைக்கும், மாதக் காட்சியில் அதுவும் பாதியில் வெட்டப்படும், கைபேசியில் இன்னும் குறுகும். தமிழ் எழுத்துகள் அகலம் வேறு. 'வாரம்-செவ்வாய்-' என்று தொடங்கினால் செவ்வாய்க்கிழமைப் பத்தியில் இருக்கும் நாலு கட்டத்திலும் அதே சொற்கள் தெரிந்து, வேறுபடுத்தும் சொல் வெட்டுப்பட்டுவிடும். அதனால் குழுவின் பெயர், உடனே பொருள். இவ்வளவுதான் முதல் இரண்டு மூன்று சொற்களில் வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு பில்லிங் குழுவின் நாட்காட்டியில் நான்கு தொடர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'வீக்லி சிங்க்', 'வீக்லி சிங்க் புதியது', 'ரிவ்யூ', 'குமாருடன் பேச்சு'.

முதலாவதில் என்ன நடக்கிறது என்று கேட்டால், நிலுவையில் உள்ள குறைகளைப் பார்த்து யார் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். அப்படியானால் அது 'பில்லிங்: நிலுவைக் குறைகள்'. இரண்டாவது, பழைய தொடரை நிறுத்தாமல் வேறு நேரத்தில் புதிதாகத் தொடங்கியது. பெயர் மாற்றினால் சரியாகாது, இரண்டில் ஒன்றை முடிக்க வேண்டும். மூன்றாவது 'பில்லிங்: வெளியீட்டுக்கு முன் சரிபார்ப்பு'. நான்காவதுதான் எங்கும் நடக்கும் தவறு. அழைப்பவர் தன் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறார். ஆனால் தலைப்பு எல்லோருக்கும் ஒன்றே என்பதால் குமாரின் நாட்காட்டியிலும் 'குமாருடன் பேச்சு' என்றே நிற்கும். நான்கு பேர் இப்படி அழைத்திருந்தால் அவர் நாட்காட்டியில் அதே தலைப்பு நான்கு. இருவர் பெயரும் வர வேண்டும்: 'கவிதா, குமார்: இருவர் சந்திப்பு'.

இன்னொன்று. தலைப்பை நடுவில் மாற்றும்போது கூகுள் நாட்காட்டி மூன்று வழி கேட்கும். அதில் `This and following events` என்பதைத் தேர்ந்தால் தொடர் இரண்டாகப் பிளக்கும். பழைய பாதி பழைய தலைப்புடன் முடியும், புதிய பாதி தனித் தொடராகத் தொடங்கும். புதிய பெயரில் தேடுகிறவருக்குப் பழைய அமர்வுகள் வராது. `All events` என்றால் பழையவற்றின் தலைப்பும் மாறிவிடும், ஆனால் பழைய கூட்டக் குறிப்புகளில் பழைய பெயரே இருக்கும். கூட்டம் அதுவேதான், பெயர் மட்டும் மோசம் என்றால் `All events`. கூட்டத்தின் நோக்கமே மாறிவிட்டதென்றால் மற்றது. இரண்டிலும் விவரப் பெட்டியில் 'பழைய தலைப்பு: வீக்லி சிங்க்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தேடல் விவரத்தையும் பார்க்கும்.

சுந்தரமூர்த்தி:

நல்ல விவாதம். எனக்கும் இதே சிக்கல். எங்கள் கோயில் கைங்கரியக் குழுவுக்குப் பிரதோஷத்தை நாட்காட்டியில் ஏற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று போட்டால் சில மாதத்தில் தள்ளிப்போய்விடுகிறது. திரயோதசிக்கு எந்த அமைப்பைத் தேர்வது?

கதிரவன்:

ஐயா, நீங்கள் கேட்பது திரும்ப வரும் கணக்கு. இங்கே பேசுவது தலைப்பு. ஆனாலும் நல்ல இடத்தில் கேட்டீர்கள். FREQ=WEEKLY;INTERVAL=2 என்பது சரியாகப் பதினான்கு நாள். இரண்டு பிரதோஷம் சேர்ந்த சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். மாதத்துக்கு ஒன்றரை நாள் விலகல் விழுவதால் ஆறு மாதத்தில் ஒன்பது நாள் தள்ளி நிற்கும். RRULE-இல் திதி கிடையாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கான நாள்களைத் தனித்தனி நிகழ்வாக ஏற்றுவதுதான் வழி.

அப்படி ஏற்றும்போது அவற்றைச் சேர்த்துக் கட்டுவது எந்த UID-யும் அல்ல, தலைப்பு மட்டும்தான். ஒன்றில் 'பிரதோஷம்', இன்னொன்றில் 'பிரதோசம்', மூன்றாவதில் 'சனிப் பிரதோஷ பூஜை' என்று இருந்தால் ஒரே தேடலில் எல்லாம் சிக்காது. 'பிரதோஷம்: அபிஷேக ஏற்பாடு' என்று ஒன்றை எழுதி மற்றவற்றில் நகலெடுத்து ஒட்டுங்கள். சனிப் பிரதோஷம் என்பது விவரப் பெட்டியில் இருக்கட்டும்.

மலர்விழி:

சுந்தரமூர்த்தி ஐயாவின் கேள்வியால் எனக்கு ஒன்று தெளிந்தது. பிரதோஷம் மீள்நிகழ்வு, ஆனால் செயலியின் கணக்கில் தொடர்நிகழ்வு அல்ல. எனவே இரண்டு சொல்லையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடக் கூடாது. 'தொடர்நிகழ்வு' என்று வைக்கிறேன்.

தங்கம்மாள்:

'தொடர்த்தலைப்பு' என்று எழுதுங்கள், 'தொடர்தலைப்பு' வேண்டாம். ஒற்று மிகாமல் எழுதினால் வினைத்தொகை. தொடர்கின்ற தலைப்பு என்று பொருள்படும். இங்கே தொடரினது தலைப்பு. தேர்க்கால் என்பதில் க் வருவது போல இங்கே த் வர வேண்டும்.

இது இலக்கணத்தோடு நிற்காது, தேடலையும் தொடும். உங்கள் உதவிப் பக்கத்தில் தமிழ்த் தலைப்பு வைப்போருக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்பேன். ஆங்கிலத் தலைப்பில் இல்லாத சிக்கல் நமக்கு உண்டு. 'கொள்முதல் கூட்டம்' என்று ஒருவரும் 'கொள்முதல் கூட்டத்தின் முடிவுகள்' என்று ஒருவரும் தலைப்பு வைத்தால், 'கூட்டம்' என்று தேடுகிறவருக்கு இரண்டாவது வராது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் ம் போய்த் த்து வந்துவிட்டது. சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கும் அது அகப்படாது. ஆகையால் தலைப்பில் பெயர்ச்சொல் உருபேற்காமல் நிற்கட்டும்.

வாசுகி:

அம்மா சொன்ன 'கொள்முதல்' என்ற சொல்லிலேயே இன்னொரு குழி இருக்கிறது. யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை U+0BCA என்று ஒரே குறியாகவும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சமன்படுத்தாமல் ஒப்பிடும் தேடலுக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் 'ஔ' என்பது 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக வந்திருப்பதும் உண்டு. அது சமன்படுத்தினாலும் ஒன்றாகாது. கண்டுபிடிக்க எளிய வழி: தலைப்பை நகலெடுத்துத் தேடினால் வருகிறது, அதையே கையால் தட்டித் தேடினால் வரவில்லை என்றால் குறியீடுதான் காரணம். தலைப்பை அழித்துவிட்டு முழுக்கப் புதிதாகத் தட்டினால் தீரும்.

எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு ஒரு குறிப்பு. கூட்ட அறையின் நாட்காட்டியில் நீங்கள் வைத்த தலைப்பு தெரியாது. இயல்பமைப்பில் அறை தலைப்பை அழித்துவிட்டு அழைத்தவர் பெயரைப் போட்டுக்கொள்ளும். அறை வழியாகத் தேடுகிறவர்கள் தலைப்பு காணாமல் போனதாக நினைப்பது இதனால்தான். நிர்வாகி மாற்றலாம்:

```
Set-CalendarProcessing -Identity "Room1" -DeleteSubject $false -AddOrganizerToSubject $false
```

ஏற்கெனவே ஏற்கப்பட்ட கூட்டங்கள் இதனால் மாறா, இனி வருபவைதான். மாற்றுமுன் யோசிக்கவும் வேண்டும். அறையின் நாட்காட்டியைப் பார்க்கும் எல்லோருக்கும் ஊதிய உயர்வு, பணி விலகல் பற்றிய தலைப்புகளும் தெரியத் தொடங்கும்.

அருள்:

தேதியை விட்டுவிடுகிறேன், வாசுகி சொன்ன கட்ட அகலம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காலாண்டுக் கூட்டங்களுக்கு 'காலாண்டு' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். 'நிதி: காலாண்டுக் கணக்கு' என்பதில் அது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைச் சொல்லவில்லை, எந்தக் கணக்கு என்பதைச் சொல்கிறது.

கதிரவன்:

அது சரி. அங்கே காலாண்டு பொருளின் பகுதி. கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் கணக்கு காலாண்டுக் கணக்குதான்.

மூன்றாவது சொல்லுக்கு வருவோம். 'பெயரிடும் முறை' என்றால் எப்படிப் பெயரிடுவது என்ற செய்முறை போல ஒலிக்கிறது. 'பெயர்மரபு' என்கிறேன். தொல்காப்பிய மரபியல் தொடங்குவதே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் என்பதில்தான். ஒரு கூட்டத்தார் ஒத்துக்கொண்டு வழங்கும் பெயர் என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

தங்கம்மாள்:

மரபியல் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் மரபு என்பது வழிவழியாக வந்தது. போன வாரம் ஒரு குழு உட்கார்ந்து எழுதிக்கொண்டதை மரபு என்பது எனக்கு ஒப்பவில்லை. 'பெயரீட்டு நெறி' என்று சொல்லலாமே.

மலர்விழி:

நன்றி. 'தொடர்நிகழ்வு', 'தொடர்த்தலைப்பு', 'அமர்வு' மூன்றையும் சொல்வங்கியில் ஏற்றிவிட்டேன். தங்கம்மாள் அம்மா சொன்ன உருபு பற்றிய பத்தியும் பக்கத்தில் சேர்கிறது. மூன்றாவது சொல்லின் வரியில் 'பெயர்மரபு', 'பெயரீட்டு நெறி' இரண்டையும் போட்டுத் திறந்தே வைத்திருக்கிறேன். திரையில் பொத்தான் மேல் வரும் சொல் அது, எனவே இரண்டையும் பொத்தானில் இட்டுப் படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.